பதினாறின் கீழ் அறுபத்து நாலு

நடுவர் கேட்டது: “பலகை விளையாட்டில் பிள்ளைக்கு அதிகம் சொல்லித் தருவது வெற்றியா, தோல்வியா? தத்துவம் பேசாதீர்கள், வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.”

(தோல்வியே என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரின் உரை)

நடுவர் அவர்களே, வணக்கம். வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். அது என் சட்டைப் பையில் இருக்கிறது. போன மாதம் என் பேத்திக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று என் மருமகள் கேட்டாள். திருத்தின விடைத்தாளைக் கையில் கொடுத்தே முப்பத்து நாலு வருஷம் பழகிவிட்டது, கைப்பேசியில் திருத்த வரவில்லை என்றேன். அந்தக் கடிதத்தின் நகலைத்தான் இங்கே படிக்கப் போகிறேன். நடுநடுவே எதிரணிக்கும் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, தன் தாய்மாமன் சீட்டாட்டத்தில் தோற்று ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்றதை உருக்கமாகச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் தம்பி, தலைப்பில் பலகை என்று இருக்கிறது. மாமா இழந்த நிலத்துக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

எதிரணித் தலைவர் சொன்னது வேறு. “சின்ன வயதில் பரமபதத்தில் நூறு தடவை தோற்றேன். என்ன கற்றேன்? ஒன்றும் இல்லை” என்றார். உங்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. என் அணிக்காரர்கள் என்னை முறைத்தாலும் சொல்கிறேன், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பரமபதத்தில் நாம் எடுக்கும் முடிவு என்று ஒன்று கிடையாது. தாயம் உருளும், காய் நகரும், பாம்பு கடிக்கும். உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உங்கள் காயை நான் நகர்த்தினாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். தவறே செய்ய முடியாத விளையாட்டில் தோற்றவனிடம் திருத்த என்ன இருக்கிறது? தாயக்கட்டம் கொஞ்சம் பரவாயில்லை. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிக்க வேண்டும். ஆனாலும் தோற்றவுடன் நாம் யாரைத் திட்டுகிறோம்? தாயத்தை. நம் முடிவை அல்ல.

அதனால் நான் பேசப் போவது தாயம் உருளாத பலகையைப் பற்றி. சதுரங்கம். தோற்றால் பழிபோட அங்கே வேறு ஆள் இல்லை.

நடந்தது இதுதான். என் பேத்திக்கு ஒன்பது வயது. ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுவர் போட்டி. ஐந்தாவது சுற்றில் தோற்றாள். ஆட்டோவில் வரும்போது பேசவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “அவனோட சிப்பாய் ராணி ஆயிடுச்சு தாத்தா, அதான் தோத்துட்டேன்” என்று போனில் ஒரே வரி. நான், ஆட்டத்தை எழுதின தாளைப் படம் எடுத்து அனுப்பு கண்ணு என்றேன். அங்கே ஒவ்வொரு நகர்வையும் இரண்டு பேரும் எழுத வேண்டும். பிள்ளைகள் அதைத் தண்டனை மாதிரி எழுதுவார்கள். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தது. ஆனால் 53 நகர்வும் இருந்தது.

அந்தத் தாளைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்துவிட்டு எழுதினது இது:

“அன்புள்ள கண்ணு,

தாத்தா எழுதுவது. உன் ஆட்டத்தை மூன்று தடவை ஆடிப் பார்த்தேன். அவன் சிப்பாய் 53வது நகர்வில் ராணி ஆனது. நீ அதனால் தோற்றதாகச் சொன்னாய். அது நீ தோற்ற இடம் இல்லை, தோற்றது உனக்குத் தெரியவந்த இடம். பானை எப்போதோ கீறல் விட்டிருக்கும், தண்ணீர் ஒழுகும்போதுதான் நாம் பார்ப்போம்.

உன் அம்மா வேறு ஒன்று சொன்னாளாம், 46வது நகர்வில் யானைக்கு யானை வெட்டினதுதான் தப்பு என்று. அம்மாவிடம் சொல், அவள் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறாள். தவறு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த நகர்வில் இல்லை. யானையை வெட்டினது சரி. வெட்டாமல் விட்டிருந்தால் அவன் உன் யானையை வெட்டியிருப்பான், உன் ராஜா இன்னும் மோசமான கட்டத்துக்கு இழுபட்டிருக்கும்.

தப்பு 47வது நகர்வு. நீ ராஜாவை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாய் பார், அதுதான்.”

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கடிதத்தில் ஒரு கட்டம் போட்டுப் படம் வரைந்திருக்கிறேன். இங்கே பலகை இல்லை. உங்கள் மேசையில் இருக்கிற இரண்டு தம்ளரையும் அந்தக் கொட்டைப் பாக்கையும் எடுத்துக்கொள்கிறேன், கோபிக்கக் கூடாது. பித்தளைத் தம்ளர் என் பேத்தியின் வெள்ளை ராஜா. எவர்சில்வர் தம்ளர் அந்தப் பையனின் கறுப்பு ராஜா. பாக்கு அவனுடைய சிப்பாய். யானைகள் வெட்டுப்பட்ட பிறகு பலகையில் மிச்சம் இருந்தது இந்த மூன்றுதான்.

பலகையில் நெடுவரிசைக்கு எழுத்து, குறுக்கு வரிசைக்கு எண். வெள்ளை ராஜா கடைசி வரிசையில் நடுவே, இ1 கட்டத்தில். கறுப்புச் சிப்பாய் அதே நெடுவரிசையில் நாலு கட்டம் மேலே, இ5-இல். அந்தச் சிப்பாய் இறங்கி இறங்கி இ1-ஐத் தொட்டால் ராணி. கறுப்பு ராஜா சிப்பாய்க்குப் பக்கத்து நெடுவரிசையில், ஒரு கட்டம் முன்னால், டி4-இல். ஆட வேண்டியது என் பேத்தி.

இப்போது சபையைக் கேட்கிறேன். உங்கள் வீட்டை நோக்கி ஒருவன் நேர் ரோட்டில் வருகிறான். தடுக்க வேண்டும். எங்கே போய் நிற்பீர்கள்? நேர் எதிரே என்கிறீர்கள். என் பேத்தியும் அதைத்தான் செய்தாள். ராஜாவை இ2-க்கு ஏற்றினாள், சிப்பாயின் பாதைக்கு நேராக. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அந்தப் பையன் ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் ராஜாவை இ4-க்குக் கொண்டுவந்தான். ஆட்டம் முடிந்தது. இவளுக்குத்தான் அது தெரியவில்லை.

ஏன் முடிந்தது? தம்ளர்களைப் பாருங்கள். இரண்டும் ஒரே நெடுவரிசையில், நடுவே ஒரு கட்டம் இடைவெளி. ராஜாவும் ராஜாவும் உரசக் கூடாது, அதனால் இரண்டும் ஒன்றையொன்று முன்னேறவிடாமல் மறிக்கின்றன. இதில் யார் நகர வேண்டுமோ அவன் வழிவிட்டே ஆக வேண்டும். இப்போது நகர வேண்டியது இவள். சதுரங்கத்தில் ‘நான் இந்தத் தடவை ஆடவில்லை, நீ ஆடு’ என்று சொல்ல முடியாது. பேருந்தில் சீட்டில் துண்டு போட்டுவிட்டு இறங்குகிற மாதிரி இங்கே இடம் பிடிக்க முடியாது. இடதுபுறம் விலகினால் அவன் வலதுபுறம் நுழைவான். வலதுபுறம் விலகினால் இடதுபுறம். பின்னால் போனால் முன்னே வருவான். இவள் இடதுபுறம் டி2-க்கு விலகினாள், அவன் எஃப்3-இல் நுழைந்தான், அடுத்து எஃப்2. அதற்கப்புறம் சிப்பாய்க்கு அவன் ராஜாவே பாதுகாப்பு. 53வது நகர்வில் ராணி.

இவள் போயிருக்க வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்றுதான். டி2. சிப்பாயின் பாதையில் அல்ல, பக்கத்தில். அங்கே போயிருந்தால் டி4-இல் நிற்கிற கறுப்பு ராஜாவுக்கு நேர் எதிரே, ஒரு கட்டம் விட்டு நின்றிருப்பாள். இப்போது நகர வேண்டியது அவன். அவன் இ4-க்கு வந்தால் இவள் இ2. பார்த்தீர்களா? அதே இ4, அதே இ2, அதே பாக்கு. முன்னால் தோற்ற அதே படம். ஆனால் இப்போது நகர வேண்டியது அவன். ஆட்டம் டிரா.

கடிதத்தில் இதை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்: “கண்ணு, நீ சிப்பாய்க்கு எதிரே நின்றாய். ராஜாவுக்கு எதிரே நின்றிருக்க வேண்டும்.”

“சரி ஐயா, அவள் டி2 போய் டிரா செய்திருந்தால் இதை அப்போதே கற்றிருப்பாளே, தோல்வி எதற்கு?” என்று முன்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. அதற்கு ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில், மதிய இடைவேளையில், தோழி ஒருத்தியுடன் ஆடினாள். ஏறக்குறைய இதே நிலை வந்தது. அன்றைக்கும் இவள் சிப்பாய்க்கு நேர் எதிரேதான் போய் நின்றாள். அந்தத் தோழி ராஜாவை இ4-க்குக் கொண்டுவரவில்லை, அவசரப்பட்டு சிப்பாயைத் தள்ளிவிட்டாள். ராஜாவை முந்திக்கொண்டு சிப்பாய் ஓடினால் இந்த நிலையில் ராணி ஆகாது. கடைசிக்கு முந்தின வரிசை வரை வரும், அங்கே இவள் ராஜாவுக்கு நகர வேறு கட்டம் இருக்காது, முற்றுகையும் இருக்காது, ஸ்டேல்மேட். டிரா. ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் தப்பித்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காய பஜ்ஜி. எனக்கு போன். “தாத்தா, சிப்பாய்க்கு நேரா ராஜாவ வச்சேன், அவளால ஒண்ணுமே பண்ண முடியல!”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கணக்கு வாத்தியார், முப்பத்து நாலு வருஷ அனுபவம். “சபாஷ்டி என் தங்கம்” என்றேன். தாளைக் கேட்கவில்லை. தப்பித்த கையோடு யார் தாளைக் கேட்பார்கள்? ஜூலையில் அவள் தோற்றதில் எனக்கும் பங்கு உண்டு என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கணக்கில் நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன் நடுவர் அவர்களே. பதினாறின் கீழ் அறுபத்து நாலு, சுருக்குக என்று கேட்டால், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் மேலே இருக்கிற ஆறையும் கீழே இருக்கிற ஆறையும் அடித்துவிட்டு ஒன்றின் கீழ் நாலு என்று எழுதுவான். விடை சரி! கால் பாகம்தான் விடை. ஆனால் பையனுக்குப் பின்னம் தெரியாது. விடையை மட்டும் பார்த்து டிக் அடித்தால் அவன் என்ன கற்றுக்கொள்கிறான்? மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடலாம். அடுத்து பதினாலின் கீழ் இருபத்து நாலு வரும்போது இரண்டு நாலையும் அடித்து அரை என்று எழுதுவான். அப்போது சிவப்பு மை விழும். அவனுக்கு உதவி செய்தது டிக்கா, சிவப்பு மையா?

ஜூன் மாதத்து டிரா என் பேத்திக்கு அந்தப் பதினாறின் கீழ் அறுபத்து நாலு. தப்பான வழிக்கு விழுந்த டிக். அது அவளுக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை என்றுகூட நான் சொல்ல மாட்டேன். கற்றுத் தந்தது. தப்பாகக் கற்றுத் தந்தது. எதிரணிக்கு நான் வைக்கிற கேள்வி இது ஒன்றுதான். சரியாக ஆடி ஜெயித்தோமா, எதிராளி தூங்கினதால் ஜெயித்தோமா என்று உங்கள் வெற்றி என்றைக்காவது பிரித்துச் சொன்னதுண்டா?

கடிதத்தின் அடுத்த பத்தி என் குற்றப்பத்திரிகை. எதிரணிக்கு இது அவல் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனாலும் படிக்கிறேன்.

“உனக்கு ஐந்து வயதில் தாத்தா உன்னிடம் பதினோரு ஆட்டம் வேண்டுமென்றே தோற்றேன். நீ ஆட்டம் ஆரம்பித்த கையோடு ராணியை வெளியே இழுத்து வருவாய். நான் குதிரையை வைத்து உன் ராணியை விரட்டியிருக்கலாம். ஒவ்வொரு விரட்டலிலும் எனக்கு ஒரு காய் சும்மா வெளியே வந்திருக்கும். செய்யவில்லை. நீ சிரிப்பது நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்புக்கு விலையாக, ராணியை முதலில் இறக்கினால் தாத்தாவே தோற்பார் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் வகுப்பில் அந்த அண்ணன் உன் ராணியைப் பத்தாவது நகர்வில் பிடித்தானே, அது அவன் பிடித்தது இல்லை. நான் பிடித்துக் கொடுத்தது.”

வேண்டுமென்றே தோற்காமல் ஐந்து வயதுப் பிள்ளையோடு எப்படி ஆடுவது என்று தாத்தாக்கள் கேட்கலாம். இப்போது சின்னப் பேரனிடம் வேறு முறை வைத்திருக்கிறேன். ராணியையும் ஒரு யானையையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சக் காய்களோடு முழு மூச்சாக ஆடுகிறேன். அவன் ஜெயித்தால் அது நிஜமான ஜெயம். பாதி ஆட்டம் நான் நிஜமாகவே தோற்கிறேன். வலிக்கிறது, சொல்லக் கூடாது.

எதிரணியில் வங்கியில் வேலை பார்க்கும் அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் மகன் ஒரே நாளில் மூன்று சுற்றும் தோற்று, பலகையைப் பரணில் போட்டவன் இன்றுவரை இறக்கவில்லை. “உங்கள் தோல்வி அவனுக்கு என்ன கற்றுத் தந்தது சார்?” என்று என்னைப் பார்த்தே கேட்டார். இந்த மேடையில் இதுவரை கேட்கப்பட்டதில் கனமான கேள்வி இதுதான்.

அம்மா, ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தப் போட்டிகளில் பெரும்பாலும் தோற்றவனை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்களைத்தான் அடுத்த சுற்றில் சேர்த்துவிடுவார்கள். முதல் சுற்றில் தோற்றவன் இன்னொரு தோற்றவனோடு ஆடுவான். தோற்கத் தோற்க தன் பலத்துக்குச் சமமான ஆள் கிடைப்பான். உங்கள் மகன் நாலாவது சுற்றுக்கு உட்கார்ந்திருந்தால் ஒருவேளை அவனுக்குச் சமமான பிள்ளை எதிரே வந்திருக்கும். ஒருவேளைதான். அவன் எழுதின தாள்களை அன்று ராத்திரி யாராவது அவனோடு உட்கார்ந்து பார்த்தார்களா என்று நான் கேட்கலாம். கேட்டால் அது உங்கள்மேல் குற்றம் சுமத்துகிற மாதிரி ஆகும், அதனால் கேட்கவில்லை. பார்த்திருந்தாலும் அவன் விட்டிருக்கலாம். சில பிள்ளைகள் விடுவார்கள். பிள்ளைக்கு விருப்பம் இல்லாத பலகையை யாரும் திணிக்கவும் கூடாது. உங்கள் மகனுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று, அவனைப் பலகையிலிருந்து விரட்டியது தோல்வியா, தோற்ற காரணம் தெரியாததா என்று நாம் இரண்டு பேருக்குமே தெரியாது.

சரி, ஒன்பது வயதுக் கதை போதும், பெரியவர்கள் கதை சொல்லுங்கள் என்று நடுவர் கண்ணாலே சொல்கிறார். இதையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அவளுக்கு குகேஷ் என்றால் உயிர்.

“2024 ஏப்ரலில் டொரன்டோவில், உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது இல்லையா? 14 சுற்று. ஏழாவது சுற்றில் குகேஷ் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார், நேர நெருக்கடியில். அப்போது அவருக்கு வயது 17. பிறகு பேட்டியில், இந்தப் போட்டியை ஜெயிக்க முடியும் என்று தனக்குத் தோன்றியது அந்தத் தோல்விக்குப் பின்தான் என்று சொன்னார். மீதி ஏழு ஆட்டத்தில் ஒன்றில்கூட அவர் தோற்கவில்லை. 13வது சுற்றில் அதே ஃபிரூஜாவை ஜெயித்தார்.

அந்த வருஷம் டிசம்பர் 12, சிங்கப்பூர், டிங் லிரனோடு உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றிருந்தார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கட்டும். கடைசி ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனாலும் எல்லாரும் டிரா என்று நினைத்த நிலை. 55வது நகர்வில் டிங் யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று யானையை நீட்டினார். குகேஷ் வெட்டினார். அடுத்த நகர்வில் பிஷப்பையும் நீட்டினார். டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருந்தது, ஒதுங்க இடம் இல்லை. அதுவும் வெட்டுப்பட்டால் மிச்சம் என்ன? ராஜாக்களும் சிப்பாய்களும். உன் 47வது நகர்வு மாதிரியான இடம். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

காய்களைக் குறைத்தால் நிம்மதி என்று உலக சாம்பியனுக்கே தோன்றியிருக்கிறது. அவருக்கு யானையை நீட்டினது தப்பு. உனக்கு யானையை வெட்டினது சரி. அதனால் ‘இனிமேல் யானையை வெட்டவே மாட்டேன்’ என்று நீ முடிவு செய்தால், தோல்வியிலிருந்து தப்பான பாடம் எடுத்ததாக ஆகும். அதுவும் நடக்கும், ஜாக்கிரதை.”

இந்த இடத்தில் என் அணித் தலைவரையே நான் கொஞ்சம் மறுக்க வேண்டியிருக்கிறது. தோல்வி சும்மா நின்றே பாடம் சொல்லும் என்றார் அவர். சொல்லாது ஐயா. தோற்றவன் வீட்டுக்கு வந்து தானாகவே எடுக்கிற பாடம் பெரும்பாலும் என் மருமகள் சொன்ன மாதிரிதான் இருக்கும், பக்கத்து நகர்வைக் குற்றம் சொல்லும். அல்லது பேத்தி சொன்ன மாதிரி கடைசி நகர்வை. தோல்வி செய்வது ஒரு வேலைதான், தாளை வெளியே எடுக்க வைக்கிறது. வெற்றி தாளை மடித்துப் பையில் வைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’க்குள்தான் 47வது நகர்வு இருக்கிறது.

எப்படித் தேடுவது என்றும் எழுதியிருக்கிறேன். தோற்ற முடிவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் வைத்து, ‘இந்த நிலையில் நான் என்ன ஆடினாலும் தோற்பேனா?’ என்று கேட்க வேண்டும். 52இல்? தோல்வி. 50இல்? தோல்வி. 48இல்? எந்தப் பக்கம் போனாலும் தோல்வி. 47இல்? இல்லை, டி2 இருக்கிறது! ஆமாம் என்ற பதில் இல்லை என்று மாறுகிற கட்டத்தில் நிறுத்தலாம். விடைத்தாளில் எந்த வரியில் கூட்டல் கழித்தலானது என்று தேடுவது போலத்தான். கடைசி வரி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், மார்க் போடுவது எந்த வரி வரை சரி என்று பார்த்து. இதில் ஒரு நிபந்தனை, உடனே செய்யக் கூடாது. அழுத கண்ணோடு பார்த்தால் எல்லா நகர்வும் தப்பாகத்தான் தெரியும். முதலில் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இன்னொன்று, கணினியில் போட்டு எது தப்பு என்று முதலிலேயே பார்த்துவிடக் கூடாது. அது 47 என்று சொல்லிவிடும், ஏன் என்று அவளாகக் கண்டுபிடிக்க விடாது. கடைசியில் சரிபார்க்கப் போடலாம், பின்பக்கத்து விடைகளைப் பார்ப்பது மாதிரி.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். கடிதத்தின் கடைசி இரண்டு வரி தனிப்பட்டது, படிக்கவில்லை. அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டு உட்கார்கிறேன்.

எட்டு நாள் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே கோழி கிளறின எழுத்தில் இன்னொரு ஆட்டத்தாள். அதன் ஓரத்தில் பென்சிலில்: “தாத்தா, இதுவும் தோத்துட்டேன். எந்த நகர்வுன்னு சொல்லாதீங்க. நான் 23ன்னு நெனைக்கிறேன். அம்மா 31ங்கிறா.”

நான் ஆடிப் பார்த்தேன் நடுவர் அவர்களே. எனக்கு 19 என்று படுகிறது. இன்னும் சொல்லவில்லை.